தமிழ்ப் பெயருக்கு ஆங்கில எழுத்தில் டொமைன்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கடைக்கோ தொழிலுக்கோ நல்ல தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அதே பெயரில் இணைய முகவரி வாங்கப் போகிறீர்கள். பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: மனதில் முதலில் வந்த ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தட்டிப் பார்க்கிறார்கள், காலியாக இருந்தால் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். போர்டு எழுதி, விசிட்டிங் கார்டு அடித்து, பில் புத்தகத்திலும் போட்ட பிறகுதான் தெரிகிறது, வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரை வேறு வேறு விதமாக டைப் செய்கிறார்கள் என்று. மின்னஞ்சல் வந்து சேர்வதில்லை. யாரும் புகாரும் சொல்வதில்லை. "உங்க சைட் வரலையே" என்று நூற்றில் ஒருவர் சொன்னால் அதிகம்.

இதைத் தவிர்க்க ஒரு வார அவகாசமும், முதல் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயும் போதும். கீழே உள்ள படிகள் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: திருவான்மியூரில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு கற்பனைக் கடை, பெயர் "தாழை செக்கு".

1. பெயரை எழுத்து எழுத்தாகப் பிரியுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் பெயரைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதை மக்கள் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று குறியுங்கள். உங்களுக்குச் சரியென்று படுவதை மட்டும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் உறவினர்களின் பழைய செய்திகளைப் பார்த்தாலே பட்டியல் நிரம்பிவிடும்.

"தாழை" என்பதை எடுத்துக்கொள்வோம். த-வுக்கு th, t, dh என மூன்று. நெடில் ஆ-வுக்கு a, aa என இரண்டு. ழ-வுக்கு zh, l, z என மூன்று. ஐ-க்கு ai, ei என இரண்டு. பெருக்கினால் 36 வடிவங்கள். "செக்கு" என்பதில் ச-வுக்கு ch, s, க்-க்கு kk, k, ck, ஆக ஆறு. இரண்டையும் சேர்த்தால் 216. எல்லாமே நடைமுறையில் வரும் என்பதில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளர் காதால் கேட்ட பெயரை டைப் செய்யும்போது இத்தனை கிளைகளில் ஒன்றில்தான் போகிறார்.

எந்த எழுத்துகள் தொல்லை தருபவை என்று தெரிந்துகொண்டால் அடுத்த பெயரை எடைபோடுவது எளிது. ழ, ள, த, ட, ச, நெடில்கள் அனைத்தும், ஒற்று இரட்டிக்கும் இடங்கள், க/g, ப/b என்று குழம்பும் இடங்கள். இவற்றுக்கு எதிர்ப்பக்கம் ம, ந, வ, ர, ல, குறில் அ, இ, உ மட்டுமே வரும் சொற்கள் கிட்டத்தட்ட ஒரே எழுத்துக்கூட்டலில் விழுகின்றன: மரம், மலர், அருவி. இன்னும் பெயர் வைக்காதவர்கள் இந்த இரண்டாம் பட்டியலிலிருந்து பெயர் தேடினால் பாதி வேலை குறையும்.

பெயரை மாற்ற முடியாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது, டொமைனில் எத்தனை சொல் தேவை என்று பார்ப்பது. கடையின் முழுப்பெயரும் முகவரியில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "செக்கு" என்பதை விட்டுவிட்டால் 216 என்பது 36 ஆகிறது. தமிழ் தெரிந்தவர்கள் த-வை th என்றும் ழ-வை zh என்றும் எழுதுவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. Kazhagam என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் இவை. ஆகவே உண்மையில் மிஞ்சுவது thazhai, thaazhai என்ற இரண்டும், ழ வராதவர்கள் எழுதும் thalai-யும்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தமிழர் என்று எண்ண வேண்டாம். சௌகார்பேட்டையில் இந்தி பேசும் ஒருவருக்கு t என்பதுதான் த. Th என்பது அழுத்தி ஒலிக்கும் வேறு எழுத்து. "தாழை" என்று கேட்டால் அவர் talai என்று எழுத வாய்ப்பு அதிகம். மலையாளிக்கு th, zh இரண்டும் பழக்கம். உங்கள் தெருவில் யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எந்த மாற்று வடிவத்தைச் சேர்த்து வாங்குவது என்று முடிவாகும்.

2. போனில் ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள்

தாளில் போட்ட கணக்கு ஊகம்தான். அதைச் சோதிக்க பத்துப் பேர் போதும். அதில் நான்கு பேராவது ஐம்பது வயது தாண்டியவர்களாகவும், இரண்டு பேராவது தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களாகவும் இருக்கட்டும். கடைப் பெயரை ஏற்கெனவே எழுத்தில் பார்த்த குடும்பத்தாரைச் சேர்க்காதீர்கள்.

போனில் அழைத்து, முழு முகவரியையும் சாதாரண வேகத்தில் ஒரு முறை சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. "நீங்க கேட்ட மாதிரியே டைப் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று மட்டும் கேளுங்கள். வந்ததை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம்.

பத்தில் எட்டு ஒரே மாதிரி வந்தால் அந்த எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் விரும்பியது வேறாக இருந்தாலும்கூட. ஐந்து, ஆறு என்று நின்றால் முன்னணியில் உள்ளதை முதன்மையாகவும் அடுத்ததைத் துணையாகவும் வாங்க வேண்டியிருக்கும். நான்குக்கும் கீழே போனால் அந்தச் சொல்லை டொமைனில் வைக்காதீர்கள். இந்த எல்லைகள் என் அனுபவக் கணக்கு. கறாரான விதி அல்ல.

பிறகு அதையே சத்தமான இடத்திலிருந்து ஒரு முறை செய்யுங்கள். மாம்பலம் ரயில் நிலைய நடைமேடையோ ரங்கநாதன் தெருவோ போதும். எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிய நிலை வந்தால் பி, டி, வி, ஜி ஆகியவை ஒன்றுக்கொன்று மாறிக் கேட்கும். எம், என் கலக்கும். எஃப், எஸ் கலக்கும். ஏ என்று நீங்கள் சொன்னதை எதிரில் இருப்பவர் e என்று எழுதுவதும் நடக்கும். இந்த எழுத்துகள் உங்கள் பெயரில் நான்கைந்து வந்தால், டெலிபோனில் ஆர்டர் எடுக்கும் பையனுக்கு நாள் முழுக்க அதுவே வேலையாகிவிடும்.

எண்களைத் தவிர்த்துவிடுங்கள். "டூ" என்று கேட்டால் 2-ஆ, to-வா, too-வா என்று தெரியாது. "24" என்பதை இலக்கத்தில் எழுதுவதா, சொல்லாக எழுதுவதா என்றும் தெரியாது.

3. எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்

இது முந்தைய சோதனைக்கு நேர் எதிர். முகவரியை இடைவெளியில்லாமல், எல்லாம் சிறிய எழுத்தில், ஒரு சீட்டில் எழுதி ஐந்து பேரிடம் காட்டுங்கள். போர்டில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து அழகாக எழுதலாம். பிரவுசரில் அந்த வித்தியாசம் நிற்காது.

இரண்டு வகைப் பிழைகள் வெளிவரும். ஒன்று, சொல் வேறாகப் படிப்பது. padam என்று எழுதினால் படமா, பாடமா, பாதமா, பதமா? thenisai என்பது தேனிசையா, தென்னிசையா? thazhai என்பதைத் தழை என்று படிப்பவர்களும் உண்டு. எண்ணெய்க் கடைக்கு தழையும் பெரிய கேடில்லை. ஆனால் thalai என்பது தலை ஆகிவிடும் என்பதால் அதை முதன்மைப் பெயராக வைக்கவே கூடாது.

மற்றொன்று, சொல் சேரும் இடத்தில் கண் தடுக்குவது. முதல் சொல் முடியும் எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினால் ஒன்றை விட்டுவிடுவார்கள். "அன்னை இல்லம்" என்பது annaiillam. வரிசையாக இரண்டு i. பாதிப் பேர் annaillam என்றுதான் அடிப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் thazhaioil என்று வைத்தால் a, i, o, i என்று நான்கு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சொல் எங்கே பிரிகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

சரி, thazhaimart என்று வைக்கலாமா? கடைசியில் .in சேர்த்துப் பாருங்கள்: thazhaimart.in. புள்ளி சிறியது, போர்டில் அது "மார்ட்டின்" என்று விழும். அதனால் புள்ளிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்தே எப்போதும் சோதியுங்கள். thazhaistore வைத்தால் store-ஆ, stores-ஆ என்ற சிக்கல். சென்னையில் "ஸ்டோர்ஸ்" என்று சொல்வதுதான் வழக்கம். thazhaishop.in என்பதில் சேரும் இடம் தெளிவாக இருக்கிறது. shop என்பதை எப்படி உச்சரித்தாலும் எழுத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். இதையே எடுத்துக்கொள்வோம்.

போகிற போக்கில் சில எழுத்து வடிவங்கள்: சில ஃபாண்டுகளில் r, n இரண்டும் ஒட்டினால் m போலத் தெரியும், சிறிய l-உம் பெரிய I-யும் 1-உம் ஒன்றாகத் தெரியும். சீட்டில் கையால் எழுதியதோடு நிறுத்தாமல், போனிலும் ஒரு முறை பாருங்கள்.

4. ஹைஃபன்: பெரும்பாலும் வேண்டாம்

விரும்பிய பெயர் கிடைக்காதபோது பலர் நடுவில் ஒரு கோடு போட்டு வாங்கிவிடுகிறார்கள். விதிப்படி அது செல்லும். ஆங்கில டொமைனில் எழுத்து, எண், ஹைஃபன் ஆகிய மூன்றும்தான் வரலாம். ஹைஃபன் தொடக்கத்திலோ முடிவிலோ வரக்கூடாது. புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. சிக்கல் விதியில் இல்லை, வாயில் இருக்கிறது.

போனில் அதை என்னவென்று சொல்வீர்கள்? "ஹைஃபன்" என்றால் சிலருக்குப் புரியாது. "டேஷ்" என்றால் சிலர் அந்தச் சொல்லையே டைப் செய்வார்கள். "நடுவுல ஒரு கோடு" என்றால் பாதிப் பேர் கீழ்க்கோடு போடுவார்கள். கீழ்க்கோடு உள்ள டொமைனைப் பதிவு செய்யவே முடியாது, ஆகவே அவர்கள் எங்கும் போய்ச் சேர மாட்டார்கள். போன் கீபோர்டில் ஹைஃபன் பெரும்பாலும் எண்களும் குறிகளும் உள்ள அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அவசரத்தில் தேட மாட்டார்கள், விட்டுவிடுவார்கள்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். கோடில்லாத பெயர் ஏற்கெனவே வேறொருவரிடம் இருப்பதால்தானே நீங்கள் கோடு போட்டீர்கள்? உங்கள் விளம்பரத்தைப் பார்த்தவர் அவருடைய தளத்துக்குப் போவார். மின்னஞ்சல் என்றால் இன்னும் மோசம். அவர் அந்த டொமைனுக்கு வரும் எல்லா அஞ்சலையும் ஒரே பெட்டியில் விழும்படி வைத்திருந்தால், உங்களுக்கு வர வேண்டிய ஆர்டரும் வங்கி விவரமும் அவர் கைக்குப் போய்விடும். அனுப்பியவருக்குத் திரும்பி வந்த அறிவிப்புகூட இருக்காது.

அச்சில் இன்னொரு தொல்லை. கார்டிலோ ஃப்ளெக்ஸிலோ முகவரி வரி முடிவில் உடைந்தால், அது ஹைஃபன் இருக்கும் இடத்தில்தான் உடையும். படிப்பவர் அதை வரி மடக்கப் போட்ட கோடு என்று நினைத்து விட்டுவிடுவார்.

ஹைஃபனை ஏற்கலாம் என்று நான் நினைக்கும் நிலை ஒன்றுதான்: annai-illam போல ஒரே எழுத்து இரட்டிக்கிற இடத்தில், கோடில்லாத வடிவமும் உங்களிடமே இருந்தால். அப்போதும் வாயால் சொல்வதும் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்துவதும் கோடில்லாத வடிவமாக இருக்கட்டும். கோடு போட்டது அச்சுக்கு மட்டும். இரண்டு கோடு உள்ள பெயரை எந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

5. .in, .com, தமிழ் எழுத்து

சென்னைக் கடைக்கு .in போதுமானது. ஆனால் பழக்கத்தில் கை .com என்றே அடிக்கும். அதனால் முதன்மை .in ஆக இருந்தாலும் .com-ஐயும் சேர்த்து வாங்குங்கள். .com-இல் அதே தொழில் செய்யும் ஒருவர் ஏற்கெனவே இருந்தால் பெயரையே மாற்றுவது நல்லது. .co, .co.in போன்றவற்றை முதன்மையாக வைத்தால் ஒவ்வொரு முறையும் "காம் இல்லைங்க, கோ" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாம்; .இந்தியா என்ற முடிவு இருக்கிறது. அதுவே எழுத்துக்கூட்டல் குழப்பத்துக்கு முழுத் தீர்வு என்று எண்ணாதீர்கள். "தாழைச்செக்கு" என்று ஒற்றுப் போடுவதா, "தாழைசெக்கு" என்று விடுவதா? ர-வா ற-வா, ன-வா ண-வா என்று தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். பல படிவங்கள் தமிழ் எழுத்து மின்னஞ்சலை இன்னும் ஏற்பதில்லை. சில இடங்களில் முகவரி xn-- என்று தொடங்கும் குறியீடாகத் தெரியும். துணைப் பெயராக வைத்துக்கொள்ள நல்லது. ஒரே பெயராக வைக்க இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

6. பணம் கட்டும் முன் மூன்று தேடல்கள்

முதலில் பெயர் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். .com-க்கு lookup.icann.org போதும். நீங்கள் குறித்த மாற்று வடிவங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள், நீங்கள் வாங்கப் போவதை மட்டுமல்ல. thalaishop.com வேறு யாரிடமாவது இருந்து, அங்கே சூதாட்ட விளம்பரம் ஓடினால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, web.archive.org-இல் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். காலியாகக் கிடைக்கும் பெயர் முன்பு யாரிடமாவது இருந்து கைவிடப்பட்டதாக இருக்கலாம். பழைய தளம் மோசடிக்குப் பயன்பட்டிருந்தால் உங்கள் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழ வாய்ப்புண்டு.

மூன்றாவது, வர்த்தக முத்திரை. ipindia.gov.in தளத்தின் பொதுத் தேடலில் எழுத்துப்படி தேடுவதோடு Phonetic என்ற தேர்வும் இருக்கிறது. ஒலியால் ஒத்த பெயர்களை அது காட்டும். இந்தக் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு, சில்லறைக் கடை நடத்துவது 35-ஆம் வகுப்பு. எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாகவும் விற்கும் பொருள் ஒன்றாகவும் இருந்தால் உரிமையாளர் எதிர்க்கலாம், டொமைன் கையைவிட்டுப் போகலாம். நீங்களே முத்திரை பதிவு செய்ய விரும்பினால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பிக்க நேரில் போகத் தேவையில்லை.

7. ஆவணம், செலவு, காலம்

பதிவுக்குப் பெயர், முகவரி, கைப்பேசி, மின்னஞ்சல் தேவை. .in-க்குப் பதிவு நிறுவனம் அடையாளச் சான்று கேட்கலாம், தயாராக வைத்திருங்கள். சான்றில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்து பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பதிவு கட்டாயம் உங்கள் பெயரிலும் உங்கள் கணக்கிலும் இருக்கட்டும். தளம் செய்து தருபவர் பெயரில் வாங்கினால் பிறகு அவரிடம் கெஞ்ச வேண்டி வரும். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கை வராது.

முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பாருங்கள்; .com-க்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேலும், .in-க்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வரும். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நான்கு பெயர் வாங்கினால் ஆண்டுக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் தானாகச் சேரும் ஹோஸ்டிங், பாதுகாப்புச் சேவைகளை நீக்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

.com வாங்கியதும் மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைன் நிறுத்தப்படும். புதிதாக வாங்கிய .com-ஐ வழக்கமாக முதல் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. எழுத்துப் பிழையோடு வாங்கிவிட்டால் திருத்த வழியில்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பின்னாலிருந்து முன்னாகப் படியுங்கள். முன்னாலிருந்து படித்தால் கண் தானாகவே பிழையைத் திருத்திக்கொள்ளும்.

8. மாற்று வடிவங்களைத் திருப்பிவிடுங்கள்

நம் கடைக்கு வாங்கியவை: thazhaishop.in முதன்மை. thazhaishop.com, thaazhaishop.in, thalaishop.in துணை. துணைப் பெயர்கள் முதன்மைக்கு நிரந்தரமாகத் திரும்பும்படி, அதாவது 301 என்ற வகையில், அமைக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி விழும் குழி ஒன்று. பதிவு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் திருப்பிவிடும் வசதி சில இடங்களில் http-க்கு மட்டும் வேலை செய்யும். Https-க்குச் சான்றிதழ் இருக்காது. யாராவது https முகவரியில் வந்தால் "பாதுகாப்பற்றது" என்ற சிவப்புப் பக்கம்தான் தெரியும். அமைத்த பிறகு தளம் செய்பவரிடம் இதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்:

```
curl -I https://thaazhaishop.in
```

முதல் வரியில் 301 என்றும், location என்ற வரியில் உங்கள் முதன்மை முகவரியும் வர வேண்டும். சான்றிதழ் பிழை வந்தால் வேலை முடியவில்லை.

தளம் திரும்பினால் அஞ்சலும் திரும்பும் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் தனித்தனி. மின்னஞ்சல் சேவையில் துணை டொமைன்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து, அஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் அவற்றின் MX பதிவையும் மாற்ற வேண்டும். பிறகு வெளியிலிருந்து ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அஞ்சல் அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

9. போர்டு எழுதக் கொடுக்கும் முன்

இதெல்லாம் ஓடிய பிறகுதான் அச்சுக்குக் கொடுங்கள். முகவரியை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், வாயால் சொல்லாதீர்கள். முழுவதும் ஒரே வரியில், சிறிய எழுத்தில், புள்ளி தெளிவாகத் தெரியும் ஃபாண்டில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். டிடிபி செய்பவர் அனுப்பும் ப்ரூஃபில் இருக்கும் முகவரியைப் பார்த்து, உங்கள் போனில் கையால் டைப் செய்து திறந்து பாருங்கள். துணைப் பெயர்களில் ஒன்றை அவர் தவறிப்போய் அடித்திருந்தாலும் தளம் திறக்கும். எனவே திறந்ததோடு விடாமல், ப்ரூஃபில் உள்ள எழுத்துகளையும் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.